சுவர்ப்பலகையில் 640, அப்புறம் 1,510: எங்கள் மாவட்டத்தில் புற்றுநோய் கூடிவிட்டதா?

தெற்குவாசல் | 4 பிப்ரவரி 2023, இரவு 9.40

பெரியப்பாவுக்குத் துணையாக எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் பத்து நாள் இருந்தேன். புற்றுநோய்ப் பிரிவு வராண்டாவில் ஒரு பலகை மாட்டியிருக்கிறார்கள். 2012இல் பதிவான நோயாளிகள் 640. 2019இல் 1,510. ஏழே வருடத்தில் இரண்டேகால் மடங்குக்கும் மேல். ஆண்களில் முதலிடம் வாய்ப் புற்று, பெண்களில் மார்பகம்.

எங்கள் பக்கம் பூச்சிமருந்து அடிக்காத வயலே இல்லை. தண்ணீரும் கெட்டுக் கிடக்கிறது. இந்த எண்களை வைத்து கலெக்டருக்கு மனு எழுதலாம் என்றிருக்கிறேன். மாவட்டத்தில் புற்றுநோய் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது என்று எழுதினால் யாராவது மறுக்க முடியுமா?

ஊசிமருந்து | 4 பிப்ரவரி, இரவு 10.15

பதினோரு வருடமாக வார்டில் வேலை பார்க்கிறேன். மருத்துவமனைப் பதிவேட்டை நம்பி எதையும் எழுதாதீர்கள். ஒரே ஆள் மூன்று முறை வந்தால் மூன்று ஓ.பி. சீட்டு, மூன்று எண். அந்தப் பதிவேட்டால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

கள_நோட்டு | 5 பிப்ரவரி, காலை 6.20

மறுக்க முடியும் தம்பி. முதல் கேள்வியிலேயே மறுத்துவிடுவார்கள். "1,510 பேர் எத்தனை பேரில்?" என்று கேட்பார்கள். பலகையில் அதற்குப் பதில் இல்லை.

நான் ஒரு மக்கள் பதிவேட்டில் பதினேழு வருடம் களப்பணியாளராக இருந்தேன். பையில் படிவங்களோடு மருத்துவமனை, பயாப்சி லேப், ஸ்கேன் சென்டர், இறப்புப் பதிவு அலுவலகம் என்று நாளெல்லாம் சுற்றுவது எங்கள் வேலை. நாங்கள் எண்ணுவதும் அந்தப் பலகை எண்ணுவதும் வேறு வேறு.

பலகை, அந்தக் கதவு வழியாக உள்ளே வந்தவர்களை எண்ணுகிறது. அவர்கள் பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்திருக்கலாம், கேரளாவிலிருந்து வந்திருக்கலாம். உங்கள் மாவட்டத்துக்காரர் வேலூருக்கோ சென்னைக்கோ போயிருந்தால் அதில் இருக்க மாட்டார். மக்கள் பதிவேடு ஓர் எல்லை போட்டுக்கொண்டு, அதற்குள் குடியிருப்பவர் எவருக்குப் புதிதாக நோய் வந்தாலும், அவர் எந்த ஊரில் வைத்தியம் பார்த்தாலும், தேடிப் பிடித்து ஒரே ஒரு முறை எழுதுகிறது. எல்லைக்குள் எத்தனை பேர் என்பது தெரிந்திருப்பதால்தான் அதைவைத்து வகுக்க முடிகிறது. வகுத்தால்தான் வீதம்.

2012க்கும் 2019க்கும் நடுவில் அந்த மருத்துவமனையில் என்ன மாறியது என்று விசாரித்தீர்களா? புது ரேடியோதெரபி மெஷின் வந்ததா? 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. அதற்கு முன் கையில் காசில்லாமல் வீட்டிலேயே கிடந்தவர்கள் அதற்குப் பிறகு படியேறி வந்திருப்பார்கள். கதவு அகலமானதாலும் எண் கூடும்.

ஊசிமருந்து சொன்னதில் பாதி சரி. ஓ.பி. சீட்டு வேறு, பதிவேடு வேறு. முறையாக நடக்கும் மருத்துவமனைப் பதிவேட்டில் மறுவருகையைக் கழித்துவிடுவார்கள். பிரயோஜனம் இல்லை என்பது மட்டும் தவறு. எந்த நிலையில் வந்தார்கள், என்ன சிகிச்சை தொடங்கினார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்பதையெல்லாம் அவ்வளவு விவரமாக மக்கள் பதிவேட்டால் எழுத முடியாது. 1982இல் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் தொடங்கியபோதே இரண்டையும் வைத்துத்தான் தொடங்கினார்கள். மும்பை, பெங்களூரு, சென்னையில் மக்கள் பதிவேடு. சண்டிகர், திப்ருகர், திருவனந்தபுரத்தில் மருத்துவமனைப் பதிவேடு. மும்பைப் பதிவேடு 1963லேயே தொடங்கிவிட்டது.

தெற்குவாசல் | 5 பிப்ரவரி, காலை 8.05

அக்கா, புரிகிறது. ஆனால் கதவு அகலமானது என்றே எல்லாவற்றையும் தள்ளிவிடலாமா? எங்கள் தெருவில் மட்டும் மூன்று பேர்.

கள_நோட்டு | 5 பிப்ரவரி, இரவு 9.30

தள்ளவில்லை. கூடியிருக்கலாம், கூடாமலும் இருக்கலாம், பலகையால் அதைச் சொல்ல முடியாது என்றுதான் சொல்கிறேன். உண்மையில் மாறிய இடங்களும் உண்டு. சென்னையில் 80களில் பெண்களுக்கு முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்று. அது இறங்கி இறங்கி, இன்று மார்பகம் மேலே போய்விட்டது. வருடக்கணக்காக ஒரே எல்லைக்குள் ஒரே முறையில் எண்ணியதால்தான் அதைத் தைரியமாகச் சொல்கிறோம்.

எண்ணுவது எப்படி என்று ஒன்று சொல்கிறேன். பெரிய மருத்துவமனை உள்ள நகரத்தில் வேலை பார்க்கும்போது எங்களுக்குப் பெரிய தலைவலி விலாசம்தான். கேஸ் ஷீட்டில் நகரத்து விலாசம் இருக்கும். ஒரு முறை ஒரே வாரத்தில் நான்கு படிவங்களில் ஒரே கதவு எண். போய்ப் பார்த்தேன். மாடியில் தடுப்புப் போட்ட நான்கு அறைகள், கொடியில் ஆஸ்பத்திரிப் போர்வைகள், வாசலில் ஒரு ஸ்டவ். ரேடியேஷன் முடியும்வரை தங்க வாடகைக்கு விடும் வீடு. நான்கு பேரும் நான்கு வெளி மாவட்டம். அவர்களை எங்கள் நகரத்தில் எழுதியிருந்தால் நகரத்து வீதம் ஏறியிருக்கும், அவர்கள் ஊரில் இறங்கியிருக்கும். அதனால்தான் எல்லைக்குள் குறைந்தது ஒரு வருடமாவது குடியிருந்தவரா என்று கேட்டு எழுதுவோம். ரேஷன் கார்டு எந்த ஊரில் இருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அடுத்தது ஒரே ஆளை இரண்டாக எண்ணுவது. லேபில் பெயருக்கு முன்னால் அப்பாவின் இனிஷியல், ரேடியோதெரபியில் கணவரின் இனிஷியல். ஓரிடத்தில் வயது 52, இன்னோரிடத்தில் 55. நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, ஒரே பெயரில் ஒரு தெருவில் ஐந்து பேர் இருப்பார்கள். கம்ப்யூட்டர் "ஒத்துப்போகலாம்" என்று ஒரு பட்டியல் கொடுக்கும். உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்ப்பது நாங்கள்தான்.

கூட்டல்கழித்தல் | 6 பிப்ரவரி, மதியம் 1.10

நான் புள்ளியியல் படித்தவன். இதில் குழப்பமே வேண்டாம். புது நோயாளிகளை மக்கள்தொகையால் வகுத்து ஒரு லட்சத்தால் பெருக்கினால் வீதம். இரண்டு மாவட்டத்துக்கும் அதை எடுத்து ஒப்பிட்டால் எங்கே அதிகம் என்று தெரிந்துவிடும். மருத்துவமனை எண்ணையே சொந்த மாவட்டத்துக்காரர்களாகப் பிரித்து எடுத்துக்கொண்டால் போதும்.

கள_நோட்டு | 6 பிப்ரவரி, இரவு 10.00

இரண்டு இடத்தில் இடறுகிறது சார்.

கடைசியில் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். சொந்த மாவட்டத்துக்காரர்களைப் பிரித்தாலும், வெளியூர் போய் வைத்தியம் பார்த்தவர்களும் எங்குமே போகாதவர்களும் விடுபடுகிறார்கள். மகாராஷ்டிராவில் பார்ஷி என்ற ஊரில் 1987இல் கிராமப்புறத்துக்கென்றே பதிவேடு தொடங்கினார்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து காத்திருந்தால் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்து, ஊர் ஊராக ஆள் அனுப்பி, ரத்தப்போக்கு, ஆறாத புண், கட்டி என்று அறிகுறிகளைச் சொல்லி விசாரித்தார்கள். நம் பக்கம் ஒட்டன்சத்திரத்துக்கு அருகே அம்பிளிக்கையை மையமாக வைத்து 2003இல் திண்டுக்கல் மாவட்டப் பதிவேடு வந்தது. அதுவும் பெரும்பாலும் கிராமத்து ஜனங்களுக்கானது.

அடுத்தது வயது. இதைக் கொஞ்சம் நிதானமாகப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை, எந்த ஊருடையவையும் அல்ல.

35 வயதுக்குக் கீழே லட்சத்துக்கு 5 பேர், 35 முதல் 64 வரை 100 பேர், 65க்கு மேல் 400 பேர். இந்த மூன்றும் இரண்டு ஊருக்கும் ஒன்றே என்று வைப்போம். அதாவது எந்த வயதிலும் நோய் வரும் வாய்ப்பில் இரு ஊருக்கும் வித்தியாசமே கிடையாது. முதல் ஊரில் நூற்றுக்கு 60 பேர் இளையவர், 35 பேர் நடுவயது, 5 பேர் முதியவர். நீங்கள் சொன்ன வகுத்தலில் லட்சத்துக்கு 58 வரும். இரண்டாவது ஊரில் பிள்ளைகள் வெளிநாடு போய், 45, 40, 15 என்று இருக்கிறார்கள். அங்கே 102 வரும். கலெக்டருக்கு மனு போகும், தண்ணீரைச் சோதிப்பார்கள். நடந்தது என்னவென்றால் ஊருக்கு வயதாகிவிட்டது.

அதனால்தான் உலகம் முழுக்க ஒரே கற்பனை மக்கள்தொகையை வைத்துக்கொண்டு வயது சரிசெய்கிறார்கள். 1960இல் செகி என்ற ஜப்பானியர் முன்வைத்தது, 1966இல் டால் திருத்தினார். அதில் 35க்குக் கீழே 62 பங்கு, 35–64க்கு 31 பங்கு, 65க்கு மேல் 7 பங்கு. (உண்மையில் ஐந்தைந்து வயதாக 18 அடுக்கு. நான் மூன்றாகச் சேர்த்துவிட்டேன்.) இந்தப் பங்கால் பெருக்கினால் 3.1, 31, 28. கூட்டினால் 62.1. இரண்டு ஊருக்கும் அதே 62.1தான்.

பீகாரையும் தமிழ்நாட்டையும் ஒப்பிடும்போதும், 1990 தமிழ்நாட்டையும் இன்றைய தமிழ்நாட்டையும் ஒப்பிடும்போதும் இதைச் செய்யாமல் பேசவே கூடாது. நம் மாநிலத்தில் முதியோர் பங்கு வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது.

கூட்டல்கழித்தல் | 6 பிப்ரவரி, இரவு 11.25

சரி, ஒப்புக்கொள்கிறேன். ஒப்பிட வயது சரிசெய்தது. ஆனால் எத்தனை படுக்கை, எத்தனை மெஷின் வேண்டும் என்று திட்டமிட என் 102தானே உதவும்? நோயாளிகள் கற்பனை ஊரில் இல்லையே.

கள_நோட்டு | 7 பிப்ரவரி, காலை 6.05

ஆமாம், அது நூற்றுக்கு நூறு சரி. படுக்கைக்கு 102. நான் நேற்று எழுதியதைப் படித்தால் அந்த வீதமே வேண்டாம் என்பது போலத் தோன்றும், அப்படி எழுதியிருக்கக் கூடாது.

கீழே போடும் எண்ணைப் பற்றியும் ஒன்று. 2011க்குப் பிறகு இங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்கவில்லை. 2021இல் நடக்க வேண்டியது இன்னும் நடக்கவில்லை. அதனால் இன்று எந்த வீதத்தின் அடியிலும் இருப்பது முந்தைய இரண்டு கணக்கெடுப்பிலிருந்து நீட்டிப் போட்ட மதிப்பீடு. வருடம் ஏற ஏற அது தளர்ந்துகொண்டே போகிறது. எல்லையும் மாறும். சென்னை மாநகராட்சி 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426ஆக விரிந்தது. மேலே எண்ணுவது பழைய எல்லைக்கு, கீழே வகுப்பது புது எல்லைக்கு என்று ஆகிவிட்டால் புற்றுநோய் ஒரே ராத்திரியில் குறைந்துபோகும்.

வெள்ளைப்பூண்டு | 9 பிப்ரவரி, மாலை 4.50

இங்கே கேட்கலாமா தெரியவில்லை. அம்மாவுக்குக் கருப்பைவாய்ப் புற்று. சிகிச்சை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது, நன்றாக நடமாடுகிறார். நேற்று ஒரு கட்டுரையில் "ஐந்தாண்டுப் பிழைப்பு 59 சதவீதம்" என்று படித்தேன். அப்படியென்றால் இன்னும் மூன்று வருடம்தானா? இரவெல்லாம் தூங்கவில்லை.

ஊசிமருந்து | 9 பிப்ரவரி, மாலை 5.30

இல்லை பாப்பா, அப்படி இல்லை. ஐந்து என்பது அளந்து பார்க்கும் இடம், ஆயுள் முடியும் இடம் இல்லை. எங்கள் வார்டில் சிகிச்சை எடுத்துப் பதினைந்து வருடம் கழித்துப் பேத்தி கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் இருக்கிறார்கள்.

கள_நோட்டு | 9 பிப்ரவரி, இரவு 9.15

ஊசிமருந்து சொன்னதே சரியான பதில். நோய் கண்ட நாளிலிருந்து ஐந்து வருடம் கழித்து நூற்றுக்கு எத்தனை பேர் உயிரோடு இருந்தார்கள் என்பதுதான் அந்த எண். அதில் முதல் வருடத்திலேயே போனவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். உங்கள் அம்மா அந்தக் கடினமான காலத்தைத் தாண்டிவிட்டார். அவருக்கு இன்று பொருந்தும் எண் வேறு, அது கட்டாயம் பெரியது. எப்படி என்று நாளை எழுதுகிறேன். அவருடைய நிலையை வைத்து அவருடைய டாக்டர் சொல்வதுதான் முக்கியம், அடுத்த செக்கப்பில் நேராகக் கேளுங்கள்.

59 என்பது எந்தப் பதிவேட்டிலிருந்து வந்தது என்று போட்டிருக்கிறதா? மருத்துவமனையுடையதா, மக்களுடையதா?

வெள்ளைப்பூண்டு | 9 பிப்ரவரி, இரவு 9.40

ஒரு ஆஸ்பத்திரியின் எண் என்று போட்டிருந்தது. நூறு பேர் என்றும் இருந்தது. நன்றி அக்கா.

கள_நோட்டு | 10 பிப்ரவரி, இரவு 10.30

இது நீளும். ஆனால் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பிழைப்பு விகிதம் பற்றி வரும் செய்திகளில் பாதியை நீங்களே சலித்துவிடலாம்.

நூறு பெண்கள் என்று நானே ஒரு கணக்கு வைக்கிறேன். முதல் வருடம் 15 பேர் இறந்தது தெரியும், 10 பேர் ஃபாலோ-அப்புக்கு வரவே இல்லை, என்ன ஆனார்கள் என்று தெரியாது. இரண்டாம் வருடம் 10 இறப்பு, 8 பேரைக் காணவில்லை. மூன்றாவது 5, 4. நான்காவது 3, 2. ஐந்தாவது 2, 1. முடிவில் 40 பேர் உயிரோடு வந்து நிற்கிறார்கள், 35 பேர் இறந்தது தெரியும், 25 பேர் தெரியாது.

பலர் இப்போது என்ன செய்கிறார்கள்? இறந்தது 35தானே, 65 சதவீதம் பிழைப்பு என்று எழுதுகிறார்கள். வராத 25 பேரும் சுகமாக இருப்பதாக அர்த்தம். இது அபத்தம்.

முறையான கணக்கு இப்படிப் போகும். முதல் வருடம் காணாமல் போன 10 பேர் சராசரியாக அரை வருடம் நம் கண்ணில் இருந்தார்கள். ஆகவே நூறில் 5ஐக் கழித்து 95 பேர் ஆபத்தில் இருந்ததாகக் கொள்கிறோம். 95இல் 15 இறப்பு, 80 பிழைப்பு, அதாவது 84.2 சதவீதம். இரண்டாம் வருடம் 75 பேரோடு தொடங்கி அதே போல் 85.9. ஐந்து வருடத்தையும் பெருக்கிக்கொண்டே போனால் 58.7. கிட்டத்தட்ட 59.

வெள்ளைப்பூண்டுக்கு நேற்று சொல்ல வந்தது இது: இரண்டு வருடம் முடிவில் பெருக்குத்தொகை 72.3. இரண்டு வருடத்தைத் தாண்டியவருக்கு ஐந்தைத் தொடும் வாய்ப்பு 58.7ஐ 72.3ஆல் வகுத்தால் 81 சதவீதம். என் கற்பனை நூறு பேருக்குத்தான் இந்த எண். ஆனால் எந்த ஊர்ப் பட்டியலிலும் இதே பக்கமாகத்தான் நகரும்.

ஜுரோங்_மழை | 11 பிப்ரவரி, காலை 7.45

நான் சிங்கப்பூரில் மருத்துவத் தரவு வேலையில் இருக்கிறேன். காணாமல் போனவர் என்ற பேச்சே எங்களுக்குப் புதிது. இங்கே பதிவேடு 1968லிருந்து இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் அடையாள அட்டை எண் உண்டு, இறப்புப் பதிவோடு அந்த எண்ணைப் பொருத்தினால் முடிந்தது. பட்டியலில் இல்லாதவர் உயிரோடு இருக்கிறார். நீங்களும் அதையே செய்யலாமே?

கள_நோட்டு | 11 பிப்ரவரி, இரவு 8.50

உங்கள் ஊரில் அது சரி. அங்கே இறப்பு பதிவாகாமல் போவது அரிது, எண்ணும் தவறாது. இங்கே அதையே செய்தால் செத்தவர்களுக்கு மரணமே வராது. சிகிச்சை முடிந்து சொந்த ஊர் போனவர் வீட்டில் இறக்கிறார், இன்னொரு மாவட்டத்தில் பதிவாகிறது, சில சமயம் பதிவாவதே இல்லை. பதிவானாலும் காரணம் "வயோதிகம்", "மாரடைப்பு", "வயிற்றுவலி". அதனால்தான் சென்னைப் பதிவேட்டில் புற்றுநோய் என்று எழுதிய இறப்புகளை மட்டும் பார்க்காமல், எந்தக் காரணம் எழுதியிருந்தாலும் எல்லா இறப்புகளோடும் பொருத்திப் பார்க்கிறார்கள். அப்படியும் கிடைக்காதவர்களுக்குக் கடிதம், போன், கடைசியில் நடந்தே வீடு தேடிப் போவது.

நேற்று எழுதிய கணக்கு முடியவில்லை. அந்த 59க்கு அடியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: காணாமல் போனவர்களும் வந்துகொண்டிருப்பவர்களும் ஒரே மாதிரி. நம் ஊரில் அது அப்படியா?

ஒரு மழைக்காலம். என் பையில் "தகவல் இல்லை" என்று குறித்த படிவங்கள். ஓர் ஊரில் பஸ் நிலையத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடந்து ஒரு வீட்டைக் கண்டுபிடித்தேன். திண்ணையில் ஒரு பெரியவர் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். மனைவியின் பெயரைச் சொன்னதும் உலக்கையை நிறுத்தினார். எழுந்து போய் ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்தார். ஸ்கேன் படங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டு, அடுத்து வரவேண்டிய தேதி, எல்லாம் மடிப்புக் கலையாமல். அந்தத் தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்னால் அம்மா போய்விட்டார். "வரலைன்னு யாரும் கேக்கலம்மா, நீதான் கேட்டு வந்திருக்கே" என்றார். ஆஸ்பத்திரியின் ஏட்டில் அந்த அம்மா அதுவரை "தொடர்பில் இல்லாதவர்".

இப்படித்தான் பெரும்பாலும். நன்றாக இருப்பதால் வராதவர்களும் உண்டு, ஆனால் நோய் முற்றியதாலும் பஸ் காசு இல்லாததாலும் வராதவர்களே எனக்கு அதிகம் கிடைத்தார்கள். கணக்குக்குத் திரும்பினால், அந்த 25 பேரையும் வீடு வீடாகத் தேடி, ஐந்தாண்டு முடிவதற்குள் 17 பேர் இறந்ததும் 8 பேர் இருப்பதும் தெரிய வந்தது என்று வைப்போம். 40ம் 8ம் 48. உண்மையான எண் 48 சதவீதம். பலகையில் 65 எழுதலாம், மென்பொருள் 59 கொடுக்கும், நடந்து போனால் 48. நோயாளிகள் அதே நூறு பேர்.

ஆகவே பிழைப்பு விகிதத்தைப் பார்த்தால் நான் முதலில் தேடுவது அந்த எண்ணை அல்ல, எத்தனை சதவீதம் பேரைக் காணவில்லை என்பதை. அதைப் போடாத அறிக்கையை மூடி வைத்துவிடுவேன்.

வெள்ளைப்பூண்டு | 11 பிப்ரவரி, இரவு 9.20

அப்போ அந்த 81 சதவீதமும் கூடுதலாகத்தான் இருக்குமா?

கள_நோட்டு | 11 பிப்ரவரி, இரவு 9.35

கொஞ்சம் இறங்கலாம். மறைக்க மாட்டேன். ஆனால் முதல் இரண்டு வருடத்தில்தான் காணாமல் போகிறவர்களும் அதிகம், அவர்களில் இறப்பவர்களும் அதிகம். அம்மா ஒழுங்காகச் செக்கப் போகிறவர், அந்தக் கூட்டத்தில் இல்லை.

கூட்டல்கழித்தல் | 12 பிப்ரவரி, காலை 11.00

48 என்பதிலும் பாம்பு கடித்து இறந்தவரும், முதுமையில் இறந்தவரும் சேர்ந்திருப்பார்களே? அதைக் கழிக்க வேண்டாமா?

கள_நோட்டு | 12 பிப்ரவரி, மாலை 6.40

கழிக்கிறார்கள். இறப்புச் சான்றிதழில் காரணம் சரியாக இல்லாததால் ஆளுக்கு ஆள் பார்த்துக் கழிக்க முடியாது. அதே வயதுப் பெண்கள் பொது ஜனத்தில் ஐந்து வருடத்தில் எத்தனை பேர் உயிரோடு இருப்பார்கள் என்று ஆயுள் அட்டவணையில் எடுத்துக்கொள்வார்கள். 94 என்று வைத்தால் 48ஐ 94ஆல் வகுக்க வேண்டும், 51 சதவீதம் வரும். நாடுகளை ஒப்பிடும்போது இந்த வகைதான் வேண்டும். முதியவர்கள் அதிகமாக இருந்தால் அந்த வகுத்தல் எவ்வளவு தூரம் தாங்கும் என்பதில் கணக்கு தெரிந்தவர்களே ஒத்துப்போவதில்லை. நான் களத்து ஆள், அதில் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். என் கவலை அதற்கு முன்னால் இருக்கிறது: 48ஆ 59ஆ என்பதே தெரியாதபோது வகுத்து என்ன செய்வது?

ஜுரோங்_மழை | 12 பிப்ரவரி, இரவு 7.30

எங்களுக்கு ஒரு தர அளவுகோல் உண்டு. இறப்புச் சான்றிதழால் மட்டும் தெரியவந்த கேஸ் குறைவாக இருந்தால் பதிவேடு முழுமை. பயாப்சியால் உறுதியானது அதிகம் இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் பதிவேடுகளில் இரண்டுமே நன்றாக இருந்தால் ஏன் கவலை?

கள_நோட்டு | 13 பிப்ரவரி, காலை 5.50

இரண்டும் இங்கே ஏமாற்றும். சான்றிதழில் புற்றுநோய் என்றே எழுதாத ஊரில், சான்றிதழ் வழியாக மட்டும் வரும் கேஸ் எப்படி அதிகமாகும்? நாம் எல்லோரையும் பிடித்துவிட்டோம் என்றும் அர்த்தம் இருக்கலாம், சான்றிதழ் வாயைத் திறக்கவில்லை என்றும் இருக்கலாம்.

பயாப்சி நூற்றுக்கு 97, 98 என்று வந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். லேபை மட்டும் சுற்றிவிட்டு வீடு போயிருக்கிறார்கள் என்று தோன்றும். கல்லீரல், கணையம், முற்றிய நுரையீரல் புற்றில் பலருக்கு ஊசி குத்தவே மாட்டார்கள், ஸ்கேனைப் பார்த்துச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். அவர்கள் ஸ்கேன் சென்டர் ரிஜிஸ்டரில் இருக்கிறார்கள், லேப் ரிஜிஸ்டரில் இல்லை. சீக்கிரம் இறப்பவர்களும் அவர்கள்தான். அவர்களை விட்டால் புது நோய் வீதம் இறங்கும், பிழைப்பு விகிதம் ஏறும். இரண்டும் நல்ல செய்தி போலவே இருக்கும்.

ஊசிமருந்து | 13 பிப்ரவரி, மதியம் 2.15

இதைப் படித்ததும் எங்கள் வார்டு நினைவுக்கு வந்தது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று அனுப்புகிறவர்களை நாங்கள் டிஸ்சார்ஜ் என்று எழுதுகிறோம். என்ன நோய் என்ற கட்டத்தைச் சில நாள் காலியாக விட்டதும் உண்டு. இனி விட மாட்டேன்.

தெற்குவாசல் | 20 பிப்ரவரி, இரவு 9.10

மனுவை அனுப்பவில்லை. நேராக ரெக்கார்ட் ரூம் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாக எடுத்துக் காட்டினார். 2012இன் 640இல் எங்கள் மாவட்டத்தார் 410. 2019இன் 1,510இல் 590. மீதியெல்லாம் வெளி மாவட்டம். 2015இல் புது மெஷின் வந்திருக்கிறது.

அக்கா, 410லிருந்து 590. இரண்டேகால் மடங்கு போய், 44 சதவீதம் ஆகிவிட்டது. இதிலும் வயதைக் கழிக்க வேண்டும், தெரிகிறது. அதற்குப் பிறகும் ஏதாவது மிஞ்சுமா?

கள_நோட்டு | 20 பிப்ரவரி, இரவு 10.20

நல்ல வேலை செய்தீர்கள் தம்பி. மிஞ்சுமா என்பதை இந்த இரண்டு எண்ணால் சொல்ல முடியாது. முன்பு சென்னைக்குப் போனவர்களில் எத்தனை பேர் மெஷின் வந்ததும் உள்ளூரிலேயே நின்றார்கள் என்பது இதில் இல்லை. மாநில அளவிலான பதிவேட்டுத் திட்டத்தில் உங்கள் மாவட்டத்துக்கு வயது சரிசெய்த வீதம் இருந்தால் அதைக் கேளுங்கள், ஒரு வருடத்தை மட்டும் பார்க்காமல் நான்கைந்து வருடம் சேர்த்து.

இன்னொன்று. 590இல் எத்தனை பேர் அந்த வருடம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்கள்? வேறிடத்தில் 2016இல் பயாப்சி எடுத்து, நோய் திரும்பி வந்து 2019இல் உங்கள் மருத்துவமனையில் முதல் முறையாகச் சீட்டு போட்டவரும் அங்கே புது எண்தான் வாங்குவார். முதல் பயாப்சித் தேதியைப் பார்க்க வேண்டும்.

தெற்குவாசல் | 21 பிப்ரவரி, காலை 7.00

கேட்டேன். கேஸ் ஷீட்டின் இரண்டாம் பக்கத்தில் அந்தத் தேதிக்குக் கட்டம் இருக்கிறதாம், பலவற்றில் காலியாம். வாய்ப் புற்று ஷீட்டுகளைப் பெயர் தெரியாதபடி எண்ணிச் சொல்ல அந்த அம்மா மேலிடத்தில் அனுமதி கேட்டிருக்கிறார். கிடைத்தால் திங்கட்கிழமை எழுதுகிறேன்.